ஒரே அச்சில் வார்த்த முகங்கள்



உங்கள் கைபேசியிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு உருவங்கள் அருகருகே நிற்கும் கோட்டுச்சித்திரம் ஒன்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருவன் தோள் சுருங்கித் தலைகுனிந்து நடப்பான். மற்றவன் நெஞ்சை நிமிர்த்தி வீறுநடை போடுவான். படத்தை யாரும் புதிதாக வரைவதில்லை, மேலே எழுதும் பெயரைத்தான் மாற்றுகிறார்கள். இன்று ஓர் ஊர்க்காரன், நாளை ஒரு கட்சிக்காரன், மறுநாள் ஒரு சாதிக்காரன் என்று யாரையும் அந்த இரண்டு உருவங்களுக்குள் அடைத்துவிட முடிகிறது. குணம் முன்பே முடிவாகிவிட்டது, ஆள்தான் பிறகு வந்து சேர்கிறான்.

இதைக் கைபேசி கண்டுபிடிக்கவில்லை. அச்சு இயந்திரம் ஏற்கெனவே செய்து பார்த்த வேலை இது. அதன் தெளிவான வரலாறு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வில் இருக்கிறது. 1946இல் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், அம்மக்களின் நிலையைத் தாம் கற்றுவந்ததாக அண்ணல் அம்பேத்கர் குறிப்பிட்டார். நாமும் கற்க வேண்டிய ஒரு பக்கத்தை இன்று திறக்கலாம்.

1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர், எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு மேடையேறினார். கந்தல் உடை, கோணல் நடை, கொச்சை மொழி, எப்போதும் ஓர் ஆட்டம். அந்தப் பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. சில ஆண்டுகளில் இன்னொரு பாத்திரமும் புகழ்பெற்றது. அவன் பெயர் ஜிப் கூன். இவன் நகரத்துக் கறுப்பன். வால்கோட்டு, கைக்கண்ணாடி, கடிகாரச் சங்கிலி என்று உடுத்துவான். பெரிய சொற்களைத் தப்பும் தவறுமாகப் பேசுவான். பாட்டுப் புத்தக அட்டைகளில் இந்த இருவரின் உருவமும் கல்லச்சில் அச்சாகி வீடுகளுக்குள் நுழைந்தது. நாடகம் பார்க்காதவர்களும் அந்த முகங்களை அறிந்தார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சூழ்ச்சி புரியும். தோட்டத்தில் வேலை செய்யும் கறுப்பர் ஜிம் க்ரோ, அறியாமையிலேயே மகிழ்ச்சியாக இருப்பவர். ஆகவே அவருக்கு விடுதலை எதற்கு? விடுதலை பெற்று, படித்து, நல்ல உடை உடுத்தும் கறுப்பர் ஜிப் கூன், தகுதிக்கு மீறி ஆசைப்படும் கோமாளி. ஆகவே அவருக்கு மரியாதை எதற்கு? கந்தல் உடுத்தினாலும் சிரிப்பு, கோட்டு அணிந்தாலும் சிரிப்பு. உண்மையான ஒரு கறுப்பர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவரைப் பிடித்துக்கொள்ள ஓர் அச்சு தயாராக இருந்தது. வட மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் பள்ளியும் தேவாலயமும் பத்திரிகையும் தொடங்கிய காலத்தில்தான் ஜிப் கூன் மேடையேறினான் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜிப் கூனின் கோட்டைப் பார்த்து நமக்கு நினைவு வரவேண்டியது ராமநாதபுரம். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்ததை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தக் கூடாது, சட்டை போடக் கூடாது, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. அங்கே கோட்டைச் சிரிப்பால் கழற்றினார்கள், இங்கே கட்டளையாலும் அடியாலும் கழற்றினார்கள். சிரிப்பும் சட்டமும் தூரமானவை அல்ல என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. தென் மாநிலங்களில் தனிப்பெட்டி, தனிப்பள்ளி, தனிக்குழாய் என்று மக்களைப் பிரித்த சட்டங்களுக்கு மக்கள் வழக்கில் வந்த பெயர் ஜிம் க்ரோ சட்டங்கள். ஒரு கேலிப் பாத்திரத்தின் பெயர் ஒரு நாட்டின் தீண்டாமைக்குப் பெயரானது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அச்சு படக்கதைப் புத்தகங்களுக்குள் புகுந்தது. இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நடத்தியவர்கள் பள்ளி மாணவர்கள்.

1940களில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற படக்கதைகளில் ஒன்று கேப்டன் மார்வெல். ஃபாசெட் நிறுவனம் வெளியிட்டது, சி. சி. பெக் வரைந்தார். பில்லி பேட்சன் என்ற சிறுவன் ஒரு மந்திரச் சொல்லைச் சொன்னால் மாவீரனாக மாறுவான். 1942இல் அந்தக் கதைக்குள் பில்லியின் வேலையாளாக ஸ்டீம்போட் என்ற கறுப்பினப் பாத்திரம் வந்தது. பில்லியின் முகம் அளவான கோடுகளில் மனித முகமாக இருக்கும். ஸ்டீம்போட்டுக்கோ தடித்த உதடு, உருண்டை விழி, கொச்சைப் பேச்சு. நூறு ஆண்டுக்கு முந்தைய கரிபூசிய மேடையிலிருந்து நேராக இறங்கி வந்தவன் போலவே இருந்தான். கறுப்பின வாசகர்களைக் கவரவே அவனைச் சேர்த்ததாகப் பின்னாளில் பெக் கூறினார். அவர் பொய் சொன்னார் என்று கொள்ளத் தேவையில்லை. அச்சு அவ்வளவு பழகிப்போயிருந்தது, அதில் அவமதிப்பு இருப்பதே வரைந்தவர் கண்ணுக்குப் படவில்லை.

1945இல் நியூயார்க்கில் யூத் பில்டர்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்த மாணவர்கள், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளுமாக, ஃபாசெட் அலுவலகத்துக்குப் போய் ஆசிரியர் வில் லீபர்சனைச் சந்தித்தார்கள். ஸ்டீம்போட்டை நீக்க வேண்டும் என்றார்கள். ஆசிரியர் சொன்ன பதில் நமக்கும் பழக்கமானது. நகைச்சுவைக்காக வெள்ளைக்காரர்களையும்தான் பலவிதமாக வரைகிறோம் என்றார். அதற்கு மாணவர்கள் திருப்பிச் சொன்னது இதுதான்: உங்கள் கதையில் வெள்ளையரில் வீரனும் உண்டு, வில்லனும் உண்டு. கறுப்பர் என்று இருப்பவன் ஸ்டீம்போட் ஒருவன்தான், அவனும் கோமாளி. பிறகு ஒரு சிறுவன் ஸ்டீம்போட்டின் முகத்தைப் பெரிதாக்கிய படத்தை எடுத்துக் காட்டினான். இது கறுப்பின மக்கள் அல்ல, ஆனால் உங்களுடைய பதினைந்து லட்சம் வாசகர்கள் இதுதான் அவர்கள் என்று நினைப்பார்கள் என்றான். ஸ்டீம்போட் அதோடு நின்றுபோனான்.

அந்த மாணவர்களின் வாதத்தை நாம் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேலி செய்யாதே என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லாரையும் நல்லவராக வரை என்றும் கேட்கவில்லை. அவர்கள் எண்ணிக்கையைப் பேசினார்கள். வெள்ளைக்காரன் முட்டாளாக வந்தால் அவன் ஒரு முட்டாள், அவ்வளவுதான். பக்கத்திலேயே அறிவாளியான இன்னொரு வெள்ளைக்காரன் இருக்கிறான். ஒருவனே இருக்கும் இடத்தில் அவன் குணம் அவனுடையதாக நிற்பதில்லை, ஒரு மக்கள்கூட்டத்தின் குணமாகப் படிந்துவிடுகிறது. மாறாத குணம் கேலிச்சித்திரத்தின் இலக்கணம், அதில் தவறில்லை. அந்தக் குணத்தை யார் தலையில் எழுதுகிறோம், ஓர் ஆளின் தலையிலா, ஓர் இனத்தின் தலையிலா என்பதுதான் கேள்வி.

மாறாத குணத்தையே கருவியாக்க முடியும் என்று அதே 1945இல் ஒரு கறுப்பினப் பெண் காட்டத் தொடங்கினார். ஜாக்கி ஓர்ம்ஸ், பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வார இதழில் ‘பேட்டி ஜோவும் ஜிஞ்சரும்’ என்ற ஒற்றைக் கட்டச் சித்திரத்தை வரைந்தார். 1956 வரை அது வந்தது. இதிலும் இரண்டே பாத்திரங்கள். அக்கா ஜிஞ்சர் அழகாக உடுத்தியிருப்பாள், வாய் திறக்கவே மாட்டாள். தங்கை பேட்டி ஜோ குட்டிப் பெண், பெரியவர்கள் விழுங்கிவிடும் பேச்சையெல்லாம் அவள் பேசுவாள். வாரம்தோறும் இதே அமைப்புதான். ஆனால் அந்த இதழின் வாசகர்கள் கறுப்பர்கள், சுற்றிலும் வேறு பல கறுப்பின முகங்கள் இருந்தன. ஆகவே பேட்டி ஜோ யாருக்கும் பதிலியாக நிற்க வேண்டியதில்லை. அவள் பேட்டி ஜோவாகவே இருந்தாள்.

1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளைப் பெண்ணைப் பார்த்துச் சீட்டியடித்தான் என்ற பழியின் பேரில் கொல்லப்பட்டான். முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, கொலையாளிகளைக் குற்றமற்றவர்கள் என்றது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த சித்திரத்தில் பேட்டி ஜோ சமையலறையிலிருந்து வந்து அக்காவிடம் முறையிடுகிறாள். வீட்டில் புதிதாக வாங்கிய வெள்ளைத் தேநீர்க் கெண்டி தன்னைப் பார்த்துச் சீட்டியடித்துவிட்டதாம். இதற்குமேல் அவள் ஒன்றும் விளக்கவில்லை. அக்கா வழக்கம்போலப் பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் கொலை இருக்கிறது. பத்து ஆண்டுகளாகப் பழகிய இரண்டு குணங்கள் இல்லாமல் அந்த ஒற்றைக் கட்டத்தை வரைந்திருக்க முடியாது.

கடைசியாக ஒரு முகம். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். பதினொரு நாள் கழித்து ஹேரியட் க்ளிக்மன் என்ற ஆசிரியை, ‘பீனட்ஸ்’ வரைந்த சார்லஸ் ஷுல்ஸுக்கு, கறுப்பினக் குழந்தை ஒன்றைக் கதையில் சேருங்கள் என்று கடிதம் எழுதினார். தயவு காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று ஷுல்ஸ் தயங்கினார். கறுப்பினப் பெற்றோரின் கருத்தையும் க்ளிக்மன் பெற்று அனுப்பிய பின், ஜூலை 31 அன்று ஃப்ராங்க்ளின் என்ற சிறுவன் கடற்கரையில் வந்தான். அது ஒரு வெற்றி, ஐயமில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குறை உண்டு. சார்லி பிரவுன் எதிலும் தோற்பான், லூசி அதட்டுவாள், லைனஸ் போர்வையை விடமாட்டான். அந்தக் குறைகளுக்காகத்தான் உலகம் அவர்களை நேசித்தது. ஃப்ராங்க்ளினுக்குக் குறை இல்லை. நல்ல பையன், அவ்வளவுதான். ஸ்டீம்போட்டின் தவறைச் செய்யக் கூடாது என்ற அச்சத்தில் அவனுக்கு ஒன்றுமே தரப்படவில்லை. கோமாளி அச்சுக்குப் பதிலாக வெற்று அச்சு. அவனும் தனியாகவே இருந்தான், அவன் தடுக்கி விழுந்தால் ஓர் இனமே விழுந்ததாகிவிடும்.

தோழர்களே, நம் எழுத்திலும் சித்திரத்திலும் திரையிலும் இந்த இரண்டு ஆபத்தும் உண்டு. நம்மை இழிவாக வரைந்த அச்சை உடைக்கும்போது, நம்மவர் எவரும் தவறே செய்யாத இன்னோர் அச்சை வார்த்துவிடக் கூடாது. நம்மில் கஞ்சனும் வம்பளப்பவளும் வீரனும் சோம்பேறியும் ஒரே பக்கத்தில் பலராக வரட்டும். அப்போது ஒருவன் விழுந்தால் விழுந்தவன் அவன் மட்டுமே. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசியில் அடுத்த முறை ஓர் அச்சு முகம் வரும்போது, இதே படத்தில் இந்த மக்களுக்கு இன்னொரு முகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சிறுவன் செய்ததைச் செய்யுங்கள். படத்தைப் பெரிதாக்கி, அதை அனுப்பியவர் முன்னால் வையுங்கள்.