கொத்துப் பகுப்பாய்வு: வாடிக்கையாளர் பிரிவுகளுக்குப் பெயரிடல்

கொத்துப் பகுப்பாய்வு ஒரேபோல் வாங்கும் வாடிக்கையாளர்களைச் சேர்த்துத் தருகிறது. 'கொத்து 1', 'கொத்து 2' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அந்த எண்களுக்குப் பெயரும் விளக்கமும் தருவது ஆய்வாளரின் வேலை.

இதற்குப் பயிற்சி நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது போர்ச்சுகல் மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் தரவு. 440 வாடிக்கையாளர்கள் புதுச்சரக்கு, பால், மளிகை, உறையவைத்த உணவு, துப்புரவுப் பொருளும் காகிதமும், டெலி வகை உணவு ஆகிய ஆறிலும் ஓராண்டில் செய்த செலவு இதில் உள்ளது. வாங்குபவர் உணவகம் சார்ந்தவரா, சில்லறைக் கடைக்காரரா என்பது Channel என்ற தனி நெடுவரிசையில் இருக்கிறது.

செலவுத் தொகையை அப்படியே கே-மீன்ஸ் முறையில் இட்டால் ஏற்ற இறக்கம் மிகுந்த புதுச்சரக்கே முடிவைத் தீர்மானித்துவிடும்; பெரும் தொகைக்கு வாங்கும் சிலர் தனிக் கொத்தாக ஒதுங்குவர். 'பெரிய வாடிக்கையாளர்' என்று அதற்குப் பெயரிடுவது ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்வதுதான். மடக்கை எடுத்துவிட்டு இரண்டு கொத்துகளாகப் பிரித்தால், பால், மளிகை, துப்புரவுப் பொருள் மூன்றும் ஓங்கிய கொத்து ஒன்றும், புதுச்சரக்கும் உறையவைத்த உணவும் ஓங்கிய கொத்து ஒன்றும் கிடைக்கும். மைய மதிப்புகளை மீண்டும் பணத்துக்கு மாற்றியே படிக்க வேண்டும். அப்படி மாற்றிக் கிடைப்பது பெருக்கல் சராசரி. அது சாதாரணச் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். அறிக்கையில் இரண்டையும் குழப்புவது வழக்கமான பிழை.

மையத்தில் உள்ள பெரிய எண்ணை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது. எல்லோரும் அதிகம் வாங்கும் பொருள் எந்தக் கொத்திலும் பெரிதாகத்தான் தெரியும். ஒட்டுமொத்தச் சராசரியோடு ஒப்பிட்டு, எதில் விலகல் அதிகம் என்று பார்க்க வேண்டும். மென்பொருள் தரும் எஃப் மதிப்பை இங்கே சான்றாகக் காட்ட முடியாது; வேறுபாடு மிகும்படி பிரித்துவிட்டு வேறுபாடு இருக்கிறதா என்று சோதிப்பது வட்டவாதம்.

உண்மையான சோதனைக்கு, பகுப்பில் சேர்க்காத ஒரு மாறி வேண்டும். இங்கே அது Channel. துப்புரவுப் பொருளுக்கு உணவகம் சார்ந்தோரின் சராசரிச் செலவு சுமார் 791. சில்லறைக் கடைக்காரர்களுடையது சுமார் 7,270. கடைக்காரர் சோப்பை அடுக்கி வைத்து விற்கிறார், உணவகமோ தன் சமையலறைக்கு மட்டும் வாங்குகிறது. ஆகவே கொத்துகளையும் Channel-ஐயும் குறுக்கு அட்டவணையில் வைத்துப் பார்த்தால், முதல் கொத்தில் சில்லறைக் கடைகளே மிகுந்திருக்கும். ஆனாலும் பொருத்தம் முழுமையாக இராது. அதனால் 'சில்லறைக் கடைகள்' என்பதைவிட 'மளிகை–துப்புரவுப் பொருள் வாங்குவோர்' என்பதே நேர்மையான பெயர்.

கொத்தின் அளவையும், விலகி நிற்கும் மாறிகளையும், பெயருக்குப் பொருந்தாத உறுப்பினர்களையும் விளக்கத்தில் குறிப்பிட வேண்டும். வாங்குபவரின் வருமானமோ மனப்போக்கோ இந்தத் தரவில் இல்லை என்பதால், 'சிக்கனக்காரர்' போன்ற பெயர் எந்தக் கொத்துக்கும் பொருந்தாது.