செம்பனை எண்ணெய் வர்த்தகம்: ஞாயிறு இரவே என்ன பார்த்து வைக்கணும்?

சிகாமட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விளையும் செம்பனையின் எண்ணெய்க்கு, பூர்சா மலேசியாவின் FCPO முன்பேர ஒப்பந்தமே விலைக்கான அளவுகோல். அதில் வர்த்தகம் செய்கிறீர்களா? ஞாயிறு இரவே மூன்று வேலைகளை முடிச்சிடுங்க.

நாள்காட்டி: மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வழக்கமாக 10-ஆம் தேதி வாக்கில், மதியம் 12.30-க்கு, முந்தைய மாதக் கையிருப்பை அறிவிக்கும். அது சந்தையின் மதிய இடைவேளை. 2.30-க்குத் திறக்கும்போது விலை ஒரேயடியாகத் தாவலாம்.

விலை நிலைகள்: அதிகம் கைமாறும் மூன்றாம் மாத ஒப்பந்தத்தின் போன வார உச்சத்தையும் தாழ்வையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கவனப் பட்டியல்: போட்டி எண்ணெயான சிகாகோ சோயா எண்ணெய், ரிங்கிட் மதிப்பு. இந்த இரண்டு போதும்.

உதாரணத்துக்கு, போன வாரத் தாழ்வு 4,000 ரிங்கிட். அங்கே வாங்கி, 3,980-இல் நட்டத்தை நிறுத்த உத்தரவு போடுறீங்க. ஓர் ஒப்பந்தம் 25 டன். ஆக, திட்டமிட்ட நட்டம் 500 ரிங்கிட். ஆனால் கையிருப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடி, சந்தை 3,940-இல் திறந்தால், உத்தரவு அந்த விலையை ஒட்டித்தான் நிறைவேறும். நட்டம் 1,500 ரிங்கிட் ஆகிவிடும்.

அதனால், அறிக்கை வரும் நாளை முதலில் குறிச்சு வைங்க. அன்று 12.30-க்கு முன் ஒப்பந்தத்தை முடிப்பதா, வைத்திருப்பதா என்பதையும் ஞாயிறன்றே எழுதிடுங்க.