விக்டோரியா அரசியின் குடிவழிப் படமும் எக்ஸ் மரபுக்கான சான்றும்

குடிவழிப் படத்தில் ஆண்கள் சதுரங்களாகவும் பெண்கள் வட்டங்களாகவும் வரையப்பட்டு, நோயுற்றவர்களின் குறிகள் கருமையாக்கப்படுகின்றன. கருமை சதுரங்களில் மட்டுமே காணப்பட்டால் நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது என்று முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. இதற்குப் பாடநூல்கள் காட்டும் சான்றான விக்டோரியா அரசியின் வழித்தோன்றல்களிடம் கண்ட ஹீமோஃபிலியாவே, அதாவது குருதி உறையாமைக் குறைபாடே, அம்முடிவுக்குக் கருமையின் எண்ணிக்கை போதாது என்பதையும் காட்டுகிறது.

ஒற்றைப் பிரதியே நோயை வெளிப்படுத்தும் ஓங்கு மரபை, அதன் எளிய வடிவில், முதலிலேயே விலக்கிவிடலாம். அரசியின் மகன் லியோபோல்டு நோயுற்றிருக்க, பெற்றோர் இருவரும் நலமாக இருந்தனர். இரு பிரதிகளும் சேர்ந்தால் மட்டும் நோய் தோன்றும் ஒடுங்கு மரபை, மரபணு பாலுறுதிக்குத் தொடர்பில்லாத குரோமோசோமில் இருப்பதாகக் கொண்டால், அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் நெருங்கிய உறவினர்கள். பேத்தி ஐரீனும் உறவுக்குள்ளேயே மணந்தார். ஆனால் அரசியின் பேத்திகளை மணந்த ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ், ஸ்பெயினின் பதின்மூன்றாம் அல்போன்சோ, லியோபோல்டின் மருமகன் டெக் அலெக்சாண்டர் ஆகியோருக்கும் நோயுற்ற மகன்கள் பிறந்ததால், இம்மூவரும் நோயின்றி ஒற்றைப் பிரதியைச் சுமக்கும் நோய்க்கடத்திகளாக இருந்திருக்க வேண்டும். நூறு பேரில் ஒருவர் அத்தகையவர் என்று தாராளமாகக் கொண்டு, மூவரும் ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்கள் எனக் கருதினால், இதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றே.

உண்மையான போட்டியாளர் வேறொன்று: ஆண்களிடம் மட்டும் வெளிப்படும் ஓங்கு மரபு. அதிலும் பெண்கள் நோயின்றி மரபணுவைக் கடத்துவர், அவர்களுடைய மகன்களில் பாதிப்பேர் நோயுறுவர். ஆகவே தாய்வழிக் கிளைகளை எத்தனை முறை எண்ணினாலும் இரண்டையும் பிரிக்க இயலாது. பிரித்துக் காட்டக்கூடியவர்கள் நோயுற்ற ஆண்களின் பிள்ளைகளே. தந்தை மகனுக்கு ஒய் குரோமோசோமையும் மகளுக்குத் தம் ஒரே எக்ஸையும் தருவதால், எக்ஸ் மரபில் மகன் எவரும் தந்தையிடமிருந்து நோயைப் பெறார், மகள்கள் அனைவரும் கடத்திகளாவர். மற்றதில் மகனாயினும் மகளாயினும் மரபணுவைப் பெறும் வாய்ப்பு பாதி.

இக்குடும்பத்தில் நோயுற்றவர் என்று ஐயமின்றி அறியப்பட்டோரில் பிள்ளைகளை விட்டுச் சென்றவர் லியோபோல்டு ஒருவரே. மகன் சார்லஸ் எட்வர்டு நலமாக இருந்தார். மகள் ஆலிஸின் மகன் ரூபர்ட் நோயுற்றிருந்ததால் ஆலிஸ் கடத்தி என்பது தெளிவாயிற்று. எக்ஸ் மரபில் இவ்விரண்டும் உறுதியாக நிகழ்பவை. மற்றதில் அவை சேர்ந்து நிகழும் வாய்ப்பு பாதியில் பாதி, அதாவது கால். எனவே அத்தனை கிளைகள் விரிந்த படத்திலிருந்து இந்த வினாவுக்குக் கிடைக்கும் சான்று, நான்குக்கு ஒன்று என்ற மெலிந்த சாய்வுதான். புகழ்பெற்ற எடுத்துக்காட்டுக்கு இது சற்றுக் குறைவே. ஹீமோஃபிலியா கண்ட பிற குடும்பங்களின் துணையின்றி அச்சாய்வு உறுதிப்பட்டிருக்காது. இக்குடும்பத்துக்கு நேரடி விடையோ, ரஷ்ய அரச குடும்பத்தாரின் எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், எக்ஸ் குரோமோசோமிலுள்ள F9 மரபணுவின் பிறழ்வு கண்டறியப்பட்ட 2009இல்தான் கிடைத்தது.