நாலு நாட்டு நண்பர்கள், ஒரு சுற்றுலா: செலவை நியாயமாகப் பிரிப்பது எப்படி?

ஊரில் ஒரே வகுப்பில் படித்த நால்வர் இன்று ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என நாலு நகரங்களில் வாழ்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் ஒரு கிழமை சந்திப்பதென்று முடிவு செய்கிறார்கள். சந்திப்பு நன்றாகவே முடிகிறது. வீடு திரும்பியபின் கணக்குப் பார்க்கும்போதுதான் மனக்கசப்பு வருகிறது. ஒருவர் டொலரில் செலவழித்தார், ஒருவர் பவுண்ஸில், ஒருவர் யூரோவில், ஒருவர் குறோணரில். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு நாளின் நாணயமாற்று வீதத்தை வைத்துக் கணக்குப் போடுவதால் நாலு விடைகள் வருகின்றன.

இதைத் தவிர்க்கப் புறப்படும் முன்பே மூன்று விடயங்களில் உடன்பட வேண்டும். கணக்கு எந்த நாணயத்தில் எழுதப்படும்? மாற்றுவீதம் எந்த நாளுக்குரியது? வங்கிக் கட்டணம் யாருடையது?

கணக்கு நாணயம்

பெரும்பாலான சிட்டைகள் எந்த நாணயத்தில் வருகின்றனவோ அதுவே கணக்கு நாணயமாக இருப்பது நல்லது. லிஸ்பனில் அது யூரோ. யார் எந்த அட்டையால் கட்டினாலும், சிட்டையில் 80 யூரோ என்றிருந்தால் கணக்கில் 80 யூரோ என்றே எழுதலாம். மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

யூரோவில் வராத சிட்டைகளை மட்டுமே மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, லண்டன் நண்பர் வாடகைக் காரை இங்கிலாந்தின் இணையத்தளம் ஒன்றில் 340 பவுண்ஸ் கட்டிப் பதிவு செய்தார் என்று வைப்போம். அதைக் கட்டிய நாளின் வீதத்தில் மாற்ற வேண்டும். கணக்கு முடிக்கும் நாளின் வீதம் இதற்குப் பொருந்தாது. ஐரோப்பிய மத்திய வங்கி வேலைநாட்களில் ஒவ்வொரு நாளும் யூரோவுக்கான உசாத்துணை வீதங்களை வெளியிடுகிறது. பழைய நாட்களின் வீதங்களையும் அதன் தளத்தில் பார்க்கலாம். நால்வருக்கும் பொதுவான, யாரும் தமக்கு ஏற்றபடி மாற்ற முடியாத எண் அது. அன்று 1 யூரோ 0.85 பவுண்ஸ் என்றிருந்தால், 340-ஐ 0.85-ஆல் வகுக்க 400 யூரோ வரும். வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டால் 289 வரும். பவுண்ஸ் யூரோவை விடப் பெறுமதி கூடியது, எனவே யூரோத் தொகை 340-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு தடவை யோசித்தால் இந்தப் பிழை உடனே தெரியும்.

வங்கிக் கட்டணம்

கனடாவின் பல கடனட்டைகள் வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது 2.5 சதவீதம் மேலதிகமாக அறவிடுகின்றன. குழுவுக்காக ஒருவர் கட்டினால் அந்தக் கட்டணமும் குழுவின் செலவுதான். அதைக் கட்டியவர் தலையில் விட்டால், முன்வந்து கட்டியவர் மட்டும் நட்டப்படுவார். இப்படியான கட்டணம் இல்லாத அட்டை நால்வரில் ஒருவரிடம் இருந்தால், பெரிய சிட்டைகளை அவர் கட்டுவதே மலிவு.

ஒரு கட்டணம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. கடையிலோ பணப்பொறியிலோ அட்டையைப் போடும்போது, "யூரோவில் கட்டுகிறீர்களா, உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?" என்று திரை கேட்கும். சொந்த நாணயத்தைத் தெரிவு செய்தால், மாற்றுவீதத்தை உங்கள் வங்கியோ அட்டை நிறுவனமோ தீர்மானிக்காது. கடைக்காகப் பணத்தைக் கையாளும் நிறுவனம் தன் இலாபத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கும். எப்போதும் யூரோவையே தெரிவு செய்யுங்கள். மறந்து மற்றதை அழுத்தினால் வரும் வித்தியாசம் அழுத்தியவருடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு

கீழுள்ள வீதங்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. மாசி மாதத்தில் ரொறன்ரோ நண்பர் வீட்டுக்கு 1,200 யூரோ கட்டுகிறார். அன்று 1 யூரோ 1.50 கனடிய டொலர். வங்கி 1,800 டொலரும் கட்டணமாக 45 டொலரும் எடுக்கிறது. 45 டொலர் என்பது 30 யூரோ. எனவே அவர் பெயரில் 1,230 யூரோ. லண்டன் நண்பர் காருக்கு 400 யூரோ. பாரிஸ் நண்பர் சாப்பாட்டுக்கும் மளிகைக்கும் 560 யூரோ. ஒஸ்லோ நண்பர் படகுப் பயணத்துக்கும் நுழைவுச்சீட்டுகளுக்கும் 240 யூரோ.

மொத்தம் 2,430 யூரோ, ஆளுக்கு 607.50. ரொறன்ரோ நண்பருக்கு 622.50 வர வேண்டும். லண்டன் 207.50, பாரிஸ் 47.50, ஒஸ்லோ 367.50 கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டிய மூன்றையும் கூட்டினால் 622.50 வருகிறது. இந்த இரண்டு தொகைகளும் ஒத்துவராவிட்டால் எங்கோ கூட்டலிலோ கழித்தலிலோ வகுத்தலிலோ பிழை இருக்கிறது.

கட்டிய நாளும் திருப்பிய நாளும்

உண்மையான சிக்கல் இங்கேதான். வீட்டுக்குக் கட்டியது மாசியில், கணக்கு முடிப்பது ஆடியில். 622.50 யூரோ என்பது மாசி வீதத்தில் 933.75 டொலர். ஆடியில் 1 யூரோ 1.60 டொலராக ஏறியிருந்தால் அவர் கைக்கு 996 டொலர் வரும். 1.40 ஆக இறங்கியிருந்தால் 871.50 டொலர்தான் வரும். இரண்டு பக்கமும் 62.25 டொலர் வித்தியாசம்.

இதற்கு இரண்டு நியாயமான வழிகள் உண்டு. கடன் யூரோவில் இருக்கும், ஏற்ற இறக்கம் கடன் கொடுத்தவருடையது என்பது ஒன்று. கடன் அவருடைய டொலரிலேயே இருக்கும், எந்த வீதமானாலும் 933.75 டொலர் அவர் கைக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது மற்றது. இரண்டாவதில் ஏற்ற இறக்கம் மற்ற மூவருடையது. இரண்டில் எதையும் எடுக்கலாம். ஆடி மாத வீதத்தைப் பார்த்துவிட்டு, தமக்கு இலாபமானதை ஒருவர் தெரிவு செய்வதுதான் நியாயமற்றது. ஆகவே வீட்டைப் பதிவு செய்யும் நாளிலேயே வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதி, நால்வரும் சம்மதம் சொல்லிவிட வேண்டும்.

இதைவிட எளிய வழி, முன்பணத்தை அந்தக் கிழமையே பிரித்துக் கொடுத்துவிடுவது. 1,230-இல் ஆளுக்கு 307.50 யூரோவை மற்ற மூவரும் மாசியிலேயே அனுப்பிவிட்டால், ஐந்து மாத ஏற்ற இறக்கம் யாரையும் தொடாது. கடனட்டை வட்டியும் அவர் தலையில் விழாது. சுற்றுலாவின்போது நடக்கும் செலவுகள் சில நாட்களுக்குள் முடிவதால் அவற்றில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் சில்லறைதான்.

கவனிக்க வேண்டிய இரண்டு

அட்டையைப் போட்டவுடன் வங்கிச் செயலியில் தெரியும் தொகை இறுதியானதல்ல. சில நாட்கள் கழித்துப் பதிவாகும்போது சற்று மாறலாம். கட்டணங்களை வங்கிக்கூற்று வந்தபின் எழுதுங்கள். அதேபோல, கார் நிறுவனம் பிணையாகத் தடுத்துவைக்கும் பணம் செலவல்ல, கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் அந்தப் பிணையை உண்மையிலேயே அறவிட்டுப் பின்னர் திருப்பியிருந்தால், எடுத்த வீதமும் திருப்பிய வீதமும் வேறாக இருக்கும். அதனால் வந்த நட்டம் குழுவின் செலவு.

கடைசியாக, ஒஸ்லோவிலிருந்து ரொறன்ரோவுக்குப் பணம் அனுப்பும் செலவு. அதைக் கொடுக்க வேண்டியவர் ஏற்பதே வழக்கம். ஆனால் மூவரும் ஒரே ஆளுக்கு அனுப்புவதாக இருந்தால் வேறு வழியும் உண்டு. லண்டன், ஒஸ்லோ நண்பர்கள் தங்கள் பங்கைப் பாரிஸ் நண்பருக்கு யூரோவில் அனுப்ப, அவர் 622.50 யூரோவையும் ஒரே தடவையில் கனடாவுக்கு அனுப்பலாம். மூன்று தடவை கனடாவுக்கு அனுப்பும் செலவோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைச் செய்யுங்கள். அந்தச் செலவையும் நாலாகப் பிரித்து, எல்லோரும் பார்க்கும் ஒரே தாளில் எழுதிவிட்டால் கணக்கு முடிந்தது.