படிக்கட்டுக் கதவின் கதை

பள்ளி விடுமுறை வந்தால் நம்மில் பலர் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவோம். லாட்ஜில் அறை எடுத்ததும் குளியலறையில் வெந்நீர் வருகிறதா, மின்விசிறி சுற்றுகிறதா, படுக்கை விரிப்பு சுத்தமா என்று பார்ப்போம். மாடிப்படிக்குப் போகும் கதவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்தக் கதவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று எழுதுகிறேன். பதிவு சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். அங்கே வைன்காஃப் என்றொரு ஹோட்டல் இருந்தது. 1913-இல் கட்டியது, 15 மாடி. "முற்றிலும் தீப்பிடிக்காத கட்டிடம்" என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஒரு வகையில் அது பொய்யில்லை. எஃகுச் சட்டமும் செங்கல் சுவரும் எரியாதவைதான். ஆனால் உள்ளே இருந்த கம்பளம், மெத்தை, சுவரை மூடிய துணி, மரக்கதவு எல்லாம் எரியக்கூடியவை.

அந்தப் 15 மாடிக்கும் ஒரே ஒரு படிக்கட்டு. அது கட்டிடத்தின் நடுவில் இருந்தது. நடைக்கூடத்திலிருந்து படிக்கட்டைப் பிரித்து மூடுவதற்குத் தடுப்பு எதுவும் இல்லை. வெளிப்புறத்தில் இறங்கும் இரும்பு ஏணியும் இல்லை. தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பும் இல்லை.

1946 டிசம்பர் 7 அதிகாலை, எல்லோரும் உறங்கும் நேரத்தில் கீழ் மாடி ஒன்றின் நடைக்கூடத்தில் தீ பிடித்தது. சூடான புகை எப்போதும் மேலே போகும் என்பது நாம் ஆறாம் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம். திறந்து கிடந்த அந்தப் படிக்கட்டு, செங்கல் சூளையின் புகைபோக்கி போல வேலை செய்தது. தீயும் புகையும் அதன் வழியாகவே மாடி மாடியாக ஏறின. தப்பிக்கும் வழி எதுவோ அதுவே தீ வரும் வழியும் ஆகிவிட்டது. தீயணைப்பு வண்டியின் ஏணிகள் மேல் மாடிகளை எட்டவில்லை. படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக இறங்க முயன்றவர்கள் உண்டு, குதித்தவர்களும் உண்டு. 119 பேர் இறந்தார்கள். அவர்களில் இளைஞர் மாநாட்டுக்காக வந்து தங்கியிருந்த பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். கட்டிடமோ விளம்பரத்தில் சொன்னபடியே எரியாமல் நின்றது. இன்றும் நிற்கிறது.

இந்த விபத்து ஒரு பாடத்தை உறுதியாக்கியது. உயரமான கட்டிடத்தில் படிக்கட்டு ஒன்று மட்டும் இருந்தால் போதாது. இருக்கும் படிக்கட்டைச் சுற்றித் தீ தாங்கும் சுவர் வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் அதற்குத் தீ தாங்கும் கதவு வேண்டும். அந்தக் கதவு தானாக வந்து மூடிக்கொள்ள வேண்டும். புதிய ஹோட்டல்கள் அப்படியே கட்டப்பட்டன.

இனி 34 ஆண்டுகள் தாண்டி லாஸ் வேகஸ் நகரத்துக்கு வருவோம். எம்.ஜி.எம். கிராண்ட் என்ற பெரிய ஹோட்டல், 26 மாடி. கீழ்த்தளத்தில் பரந்த சூதாட்டக்கூடம், அதை ஒட்டி உணவகங்கள். 1980 நவம்பர் 21 காலை ஏழு மணி வாக்கில், மூடியிருந்த ஓர் உணவகத்தில் மின்கசிவால் தீ பிடித்தது. அந்த உணவகத்திலும் சூதாட்டக்கூடத்திலும் தண்ணீர் தெளிப்பான்கள் இல்லை. கண்ணில் பட்ட சில நிமிடங்களிலேயே தீ சூதாட்டக்கூடம் முழுவதையும் விழுங்கிவிட்டது. அப்போது கட்டிடத்தில் ஏறத்தாழ 5000 பேர் இருந்தார்கள்.

தீ கீழ்த்தளத்தோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. அறைகள் இருந்த மாடிகள் எரியவில்லை. ஆனாலும் இறந்த 85 பேரில் 61 பேர் அந்த மாடிகளில்தான் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புகை. லிஃப்ட் குழிகள், கட்டிடத்தின் இணைப்பு இடைவெளிகள், காற்றோட்டக் குழாய்கள் வழியாக அது மேலே ஏறியது. படிக்கட்டுச் சுவர்களில் இருந்த குறைகளால் படிக்கட்டுக்குள்ளும் புகுந்தது.

அந்த 61 பேர் எங்கே கிடந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அறைகளுக்குள் 25 பேர், நடைக்கூடங்களிலும் லிஃப்ட் முன்கூடங்களிலும் 22 பேர், படிக்கட்டுகளில் 9 பேர், லிஃப்ட்டுக்குள் 5 பேர். இதில் அந்த 9 என்ற எண்ணைப் பாருங்கள். படிக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஏன் இறந்தார்கள்?

காரணம் கதவு. நடைக்கூடத்திலிருந்து தள்ளினால் அது திறக்கும். உள்ளே போனதும் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து திறக்க முடியாது, பூட்டிக்கொள்ளும். திருடர்கள் படி வழியாக மாடிகளுக்குள் நுழையாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு இது. கீழ்த்தளம்வரை இறங்கினால்தான் வெளியே வழி. கொஞ்ச தூரம் இறங்கியவர்களுக்கு எதிரே புகை வந்தது. திரும்பி ஏறி ஒவ்வொரு மாடிக் கதவாகத் தட்டினார்கள். கதவுகள் திறக்கவில்லை.

முதல் விபத்தில் கதவு இல்லாததால் செத்தார்கள். இரண்டாவதில் கதவு பூட்டிக்கொண்டதால் செத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் விதி ஒன்றுதான். படிக்கட்டுக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும், ஒருபோதும் பூட்டியிருக்கக் கூடாது. பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் இதையே வேறு சொற்களில் கேட்டன. படிக்கட்டுப் பக்கத்திலிருந்தும் கதவு திறக்க வேண்டும், அல்லது அபாய மணி அடித்தவுடன் பூட்டு தானாக விடுபட வேண்டும், அல்லது குறிப்பிட்ட சில மாடிகளிலாவது திரும்ப உள்ளே போக வழி இருக்க வேண்டும்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். டெல்லி கரோல் பாக்கில் 2019 பிப்ரவரி 12 அதிகாலையில் ஓர் ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். அங்கே அவசர வழி குறுகலாக இருந்தது, பூட்டியும் கிடந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. நம் ஊர் லாட்ஜ்களில் நான் பார்த்த வகையில் இரண்டாவது படிக்கட்டு இருந்தாலும் அதில் பழைய மெத்தையும் வாளியும் துடைப்பமும் கிடக்கும். கீழே உள்ள கிரில் கேட் இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும். பல இடங்களில் நடைக்கூடக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார்கள். பார்க்கக் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் அந்தச் செங்கல் ஒன்றே அந்தப் படிக்கட்டை வைன்காஃப் படிக்கட்டாக மாற்றிவிடும்.

சரி, நாம் என்ன செய்வது? மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போன காலத்திலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன். பெட்டியை அறையில் வைத்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே செய்துவிட வேண்டும். பத்து நிமிடம் ஆகும்.

மூன்றாம் மாடியில் உங்கள் அறை என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள படி ஒன்று. மறுகோடியில் இன்னொன்று இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே நடந்து போகும்போது சுவரைத் தொட்டபடி, கடந்து போகும் அறைக் கதவுகளை எண்ணுங்கள். "வெளியே வந்து இடது பக்கம், ஐந்து கதவு தாண்டி ஆறாவது" என்று வாய்விட்டுச் சொல்லி, பிள்ளைகளையும் சொல்ல வையுங்கள். ஏன் எண்ண வேண்டும்? புகை கூரையிலிருந்து கீழே இறங்கும். எரியும் எக்ஸிட் விளக்கு கூரையருகில்தான் இருக்கும், முதலில் மறைவது அதுதான். தரையோடு தவழ்ந்து போகிறவருக்குக் கண் பயன்படாது, கையும் எண்ணிக்கையும்தான் பயன்படும்.

கதவைத் தள்ளிப் பாருங்கள். சாவி இல்லாமல் திறக்க வேண்டும். திறந்ததும் ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் படிக்கட்டுப் பக்கம் போய் அந்தப் பக்கத்துக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். எம்.ஜி.எம். ஹோட்டலில் அந்த ஒன்பது பேருக்கு எதிராக நின்றது இந்தக் கைப்பிடிதான். அது திருகவில்லை என்றால், இந்த வழியில் நுழைந்தால் கீழே போவது மட்டுமே வழி என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் கதவைப் பிடித்தபடியே கீழே எட்டிப் பார்த்து, புகை வாடை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதை விட வேண்டும். புகை இருந்தால் அந்தப் படியை விட்டுவிட்டு மறு படிக்கட்டைப் பாருங்கள். அதுவும் ஆகாது என்றால் அறைக்குத் திரும்புங்கள்.

அடுத்து, அந்தப் படியில் கடைசிவரை இறங்கிப் பாருங்கள். தெருவுக்கு வருகிறதா, சமையலறைக்குள் போய் முடிகிறதா, பூட்டிய கேட்டில் நிற்கிறதா? கேட் இருந்தால் வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்: "தம்பி, ராத்திரி பின்பக்கக் கேட்டைப் பூட்டுவீங்களா? சாவி யார்கிட்ட இருக்கும்? அவர் எங்கே படுப்பார்?" பதில் சரியாக வரவில்லை என்றால், முதல் மாடியிலோ இரண்டாம் மாடியிலோ அறை கேளுங்கள். ஏணி எட்டும் உயரம் அது. அதுவும் இல்லை என்றால் வேறு லாட்ஜ் பாருங்கள்.

இரவில் அறைச் சாவியைக் கட்டில் பக்கத்தில் ஒரே இடத்தில் வையுங்கள். புகை வாடை அடித்தால் புறங்கையால் கதவைத் தொடுங்கள். சுட்டால் திறக்க வேண்டாம். சுடவில்லை என்றால் மெல்லத் திறந்து பார்த்துவிட்டுச் சாவியோடு வெளியேறுங்கள். வழி அடைபட்டால் திரும்பி வர அந்தச் சாவி வேண்டும்.

வெளியேற முடியாவிட்டால் கதவிடுக்கிலும் காற்றுத் துவாரங்களிலும் ஈரத்துண்டைத் திணித்து, ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னலில் நின்று கூப்பிடுங்கள். எம்.ஜி.எம். ஹோட்டலில் இப்படி அறையிலேயே இருந்து பிழைத்தவர்கள் பலர். அறைக்குள் 25 பேர் இறந்ததும் உண்மை. ஆகவே அறையில் காத்திருப்பது, படி பயன்படாதபோது மட்டும் எடுக்க வேண்டிய வழி. படி பயன்படுமா என்று அந்த நேரத்தில் முடிவு செய்ய, அதைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையாவது இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த முறை வெளியூர் போகும்போது, எண்ணும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் நம்மைவிடச் சரியாக எண்ணுவார்கள். நீங்கள் தங்கிய இடங்களில் அந்தக் கதவு எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.