உயர் இடைக் கவுனும் ‘எஸ்’ வளைவுக் கார்செட்டும்

ஐரோப்பியப் பெண்கள் ஏறத்தாழ 1795 முதல் 1820 வரை அணிந்த உயர் இடைக் கவுன், மார்புக்குச் சற்றுக் கீழே தைக்கப்பட்டு அங்கிருந்து தரைவரை நேராக இறங்கும் உடை. நெப்போலியனின் பேரரசுக் காலத்தை வைத்து இதற்கு ‘எம்பயர்’ பாணி என்று பெயர். நூறு ஆண்டுகள் கழித்து, 1900 முதல் 1908 வரை, அதே ஐரோப்பாவில் வேறொரு உருவம் கோலோச்சியது. மார்பு முன்னே தள்ளி, வயிறு தட்டையாகி, முதுகு உள்வாங்கி, பின்புறம் எழும்பி நிற்கும் இதைப் பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில எஸ் எழுத்தின் வளைவு தெரியும். முன்னதை விடுதலை என்றும் பின்னதைச் சிறை என்றும் வருணிப்பது வழக்கம். இரண்டு உடைகளின் உட்புறத்தையும் பார்த்தால் அந்த வருணனை நிற்காது.

தமிழ்ப் பேச்சில் ‘இடுப்பு’ என்ற ஒரே சொல் உடல் குறுகும் இடத்தையும் அதற்குக் கீழே அகலும் இடத்தையும் குறிக்கிறது. இக்கட்டுரையில் குறுகும் இடம் இடை. அகலும் இடம் இடுப்பு.

இடை மேலேறியது ஒரே நாளில் அல்ல. 1783இல் பிரெஞ்சு ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ரன், அரசி மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்து பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். கழுத்தில் நாடாவால் சுருக்கி, இடையில் ஒரு பட்டைத் துணியைக் கட்டிய தளர்வான உடை அது. அரசி உள்ளாடையோடு நிற்கிறார் என்று கூச்சல் எழுந்தது. அயல்நாட்டுப் பருத்தியை உடுத்தி லியோன் பட்டு நெசவாளர் வயிற்றில் அடிக்கிறார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. படம் அகற்றப்பட்டு, பட்டுடை அணிந்த வேறு படம் அந்த இடத்துக்கு வந்தது. படம் போனாலும் உடை போகவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அந்த இடைப்பட்டை மெல்ல மெல்ல மேலே நகர்ந்து மார்பின் அடியில் போய் நின்றது. பாம்பெய், ஹெர்குலேனியம் அகழ்வுகள் கிளப்பிய கிரேக்க, ரோமானிய மோகம் அதற்கு ஒரு காரணம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பழைய அரசவையின் விறைத்த பட்டு மீது உண்டான வெறுப்பு இன்னொன்று.

மூன்றாவது காரணம் துணியே. வங்காளத்திலிருந்து போன மஸ்லினும், பிறகு இங்கிலாந்தின் ஆலைகளில் நெய்த அதன் போலியும் மிக மெல்லியவை. பட்டைப்போல இழுத்துப் பிடித்து உடலுக்கு அளவாகத் தைத்தால் தையலோரம் கிழிந்துவிடும். மெல்லிய துணிக்கு உகந்தது சுருக்குவதும் தொங்கவிடுவதும்தான். சேலைக் கொசுவத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எம்பயர் கவுனில் மடிப்புகள் முன்னால் இல்லை; முன்புறம் ஏறக்குறையத் தட்டை, மடிப்பெல்லாம் முதுகின் நடுவில் குவிந்திருக்கும். அவை உடலோடு ஒட்டாமல் விலகி விழ, இடைத்தையலின் உட்புறம் பின்னால் ஒரு சிறு பஞ்சுத் திண்டை வைத்துத் தைத்தார்கள்.

அருங்காட்சியகத்தில் இத்தகைய கவுனைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் முதலில் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகுத் துண்டு வியப்பூட்டும் அளவுக்குக் குறுகியது. கைகள் தோளின் விளிம்பில் அல்ல, நன்றாகப் பின்தள்ளித் தோள்பட்டை எலும்பின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். இதை அணிந்தால் தோள்கள் தாமாகவே பின்னே இழுபடும். முன்புறத்திலோ பல கவுன்களில் மேல்துண்டு ஒரு மூடிபோலத் தனியாக இறங்கும். அதன் அடியில் உள்துணியின் இரு மடல்களை மார்பின் குறுக்கே இழுத்துக் குண்டூசியால் குத்துவார்கள். பிறகு மூடியைத் தூக்கி நாடாவாலோ ஊசியாலோ கட்டுவார்கள். மார்பைத் தாங்குவதில் அந்த மடல்களுக்கும் பங்குண்டு. தளர்ந்து விழுவதாகத் தோன்றும் உடை, உள்ளே இவ்வளவு இறுக்கமான ஏற்பாட்டில் நிற்கிறது.

அதற்கும் அடியில் இருந்தது இறுக்குக்கச்சு. அக்காலப் பெண்கள் அதைத் துறந்துவிட்டார்கள் என்பது பரவலான தவறு. பெரும்பாலோர் துறக்கவில்லை, வடிவத்தை மாற்றினார்கள். மார்புக்குக் கீழேயே முடியும் குட்டைக் கச்சும் இருந்தது. இடுப்புவரை நீளும் நெடுங்கச்சும் இருந்தது. நெடுங்கச்சின் நடுவில் ஒரு மரச்சட்டத்தைச் செருகினார்கள். மார்பிடத்தில் முக்கோணத் துண்டுகளை இணைத்து, முந்தைய நூற்றாண்டின் தட்டைக் கூம்பை விட்டு இரு மார்பையும் தனித்தனியே உயர்த்திப் பிடித்தார்கள். திமிங்கிலத் தாடை நாருக்குப் பதில் பல கச்சுகளில் பருத்திக் கயிறு தைத்த வரிகளே விறைப்பைத் தந்தன. உடையின் இடை மார்படிக்கு ஏறியதால் உண்மையான இடையை நெரிக்கத் தேவையில்லாமல் போயிற்று. கிடைத்த விடுதலை அவ்வளவுதான், அதுவும் சிறிதல்ல. ழாக் லூயி டாவிட் 1800இல் வரைந்து முடிக்காமல் விட்ட மதாம் ரெகாமியே படத்தில் அந்தப் பெண் வெறுங்காலுடன் சாய்ந்திருப்பதைக் கண்டு எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. அது பழங்காலப் பாவனையில் அமைத்த ஓவியம். உடல் தெரியவேண்டும் என்று மஸ்லினை நனைத்து உடுத்தினார்கள் என்ற கதையும் பெரிதும் கேலிச்சித்திரக்காரர்களும் எதிர்ப்பாளர்களும் பரப்பியதே.

மெல்லிய துணி வேறு சிக்கல்களையும் கொண்டுவந்தது. அதுவரை பாவாடைக்கடியில் இடையில் கட்டிக்கொண்ட துணிப்பை இப்போது புடைத்துத் தெரிந்தது. எனவே கையில் தொங்கும் சிறு சுருக்குப்பை பிறந்தது. குளிருக்குக் காஷ்மீர் சால்வை வந்தது. நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் அவற்றைக் குவித்துவைத்திருந்தார். விலை தாங்காதவர்களுக்காக ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் போலிச் சால்வைகளை நெய்தது. நெப்போலியனுக்கு மஸ்லின் பிடிக்கவில்லை. இங்கிலாந்தின் வணிகத்தை ஒடுக்கவும் லியோன் தறிகளை ஓடவைக்கவும் அவர் அரசவையில் பட்டை வற்புறுத்தினார். துணி கனத்தது, பாவாடை விளிம்பில் பஞ்சடைத்த வளையங்கள் ஏறின, உருவம் கூம்பாயிற்று. 1816, 1817 வாக்கில் உச்சத்தைத் தொட்ட இடை அதன்பிறகு இறங்கத் தொடங்கி, 1820களின் நடுவில் தன் இயல்பான இடத்துக்குத் திரும்பியது.

இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் கச்சு தொழிற்சாலைப் பொருளாயிற்று. நாடா கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் வந்ததால், துணி கிழியாமல் பலமாக இறுக்க முடிந்தது. முன்புறம் இரண்டாகப் பிரிந்து குமிழும் கண்ணியுமாகப் பூட்டும் எஃகுச் சட்டம் வந்ததால், பிறர் உதவியின்றி அணியவும் கழற்றவும் முடிந்தது. 1870களின் முன்சட்டம் இடையில் உள்வளைந்து, அடியில் கரண்டிபோல் விரிந்து, வயிற்றை அழுத்தியது. மருத்துவர்களின் புகார் முக்கியமாக இதைப் பற்றியதே.

புகாருக்கு விடைதேடியவர்களில் குறிப்பிடத்தக்கவர் மருத்துவம் பயின்ற பிரெஞ்சுப் பெண்மணி இனெஸ் காஷ் சரோத். கார்செட்டின் உடலியல் பற்றி 1900இல் ஒரு நூலும் எழுதினார். அவர் திட்டம் எளியது. முன்சட்டம் வளையாமல் நேராக இருக்கவேண்டும். மேல்விளிம்பு மார்புக்குக் கீழே நின்றுவிட வேண்டும். கீழ்விளிம்பு அடிவயிற்றின் மேல் நீண்டு அதைத் தாங்கவேண்டும். அப்படியானால் இரைப்பை நெரிபடாது, நெஞ்சு தாராளமாக விரியும். நல்ல எண்ணம்தான். கடைக்குப் போனதும் அது தலைகீழாயிற்று. நாகரிகப் பெண்களுக்கு நேர்முன்புறமும் வேண்டும், சிற்றிடையும் வேண்டும். விறைத்த சட்டம் முன்னால் வளைய மறுக்கும்போது நாடாவை இறுக்கினால் பக்கங்களும் முதுகும்தான் உள்ளே போகும். அடிவயிறு பின்தள்ளப்பட, இடுப்பெலும்பு சாய்கிறது. விழாமல் நிற்க மார்பு முன்னே வருகிறது. சட்டத்தின் முன் கீழ்விளிம்பில் தொங்கிய காலுறை வார்கள் அதைக் கீழே இழுத்து அந்தச் சாய்வைப் பூட்டின. உடல்நலத்துக்கென்று கருதப்பட்ட கருவியே முதுகை வளைத்தது.

மேல்விளிம்பு இறங்கியதால் மார்புக்குத் தாங்கல் இல்லை. அது ஒரே திரளாகத் தாழ்ந்து நின்றது. தையற்காரர்கள் இந்தக் குறையையே அழகாக்கினார்கள்: ரவிக்கையின் முன்புறத்தில் துணியைத் தளர்த்தி, இடைக்கோட்டின் மேல் பைபோலச் சரியவிட்டார்கள். புறாவின் நெஞ்சோடு இதை ஒப்பிட்டார்கள். சதை போதாதவர்கள் சல்லாத் துணியை அடுக்கடுக்காகச் சுருக்கி உள்ளே வைத்தார்கள். பாவாடை இடுப்பில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எக்காளம்போல் விரிந்தது. இந்த உடையை உள்ளிருந்து அடையாளம் காண்பது எளிது. வெளித்துணி தளர்வாக இருக்க, உள்துணி மட்டும் எலும்புச்சட்டங்களோடு தனியே கொக்கிகளால் பூட்டும். அதில் ஒரு இடைநாடாவும் இருக்கும். இடைக்கோடு முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் ஓடும். இத்தகைய உடையை நிமிர்ந்து நிற்கும் பொம்மைக்கு மாட்டினால் நெஞ்சுப் பை தொய்ந்து, பின்பாவாடை படிந்துவிடும். உடை பழுதென்று தோன்றும், பழுது பொம்மையில்.

எஸ் வளைவு உடையின் உச்சங்களில் ஒன்றில் இந்தியக் கையும் உண்டு. 1903 டெல்லி தர்பாரையொட்டிச் செங்கோட்டையில் நடந்த நடன விருந்தில் வைஸ்ராயின் மனைவி மேரி கர்சன் அணிந்த மயில் உடை அது. துணி முழுவதும் மயிலிறகு வரிசையாக உலோக இழையால் பூவேலை செய்தவர்கள் டெல்லிக் கைவினைஞர்கள். ஒவ்வொரு இறகின் கண்ணிலும் மரகதம்போல் மின்னியது ஒரு வகை வண்டின் இறக்கை ஓடு. வேலை முடிந்த துணி கப்பலேறிப் பாரிஸில் வொர்த் நிறுவனத்தில் உடையாகித் திரும்பிவந்தது. எடை ஏறத்தாழ 4.5 கிலோ. இன்று இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: அக்கால விளம்பரப் படங்களையும் அஞ்சலட்டைகளையும் நம்பி அளவெடுக்கக் கூடாது. சித்திரக்காரர்கள் மிகைப்படுத்தினார்கள், புகைப்பட நிலையங்கள் இடையைச் சுரண்டித் திருத்தின. கார்செட்டின் அளவை அணிந்தவரின் அளவாகக் கொள்வதும் பிழை, ஏனெனில் முதுகில் நாடா சில அங்குல இடைவெளி விட்டே கட்டப்படுவது வழக்கம். அலுவலகத்துக்கும் கடைக்கும் போன பெண்கள் சட்டையும் பாவாடையுமாக, இறுக்கம் குறைந்த கார்செட்டோடு நடமாடினார்கள்.

எஸ் வளைவு கோலோச்சிய காலத்திலும் உயர் இடை முற்றாக மறையவில்லை. மாலைத் தேநீர் நேரத்தில் வீட்டில் அணிந்த தளர்வுடைகளில் அது உயிரோடிருந்தது. 1906 தொடங்கி பாரிஸ் வடிவமைப்பாளர் போல் புவாரே அதை வெளியரங்குக்குக் கொண்டுவந்தார். 1908இல் போல் இரிப் வரைந்த படத்தொகுப்பு அந்த உடைகளைப் பரப்பியது. அதே ஆண்டு லோங்ஷான் குதிரைப் பந்தயத்துக்கு மார்கேன் லாக்ருவா நிறுவனத்தின் ஒட்டிய உயர் இடை உடைகளில் வந்த பெண்கள் பெரும் பரபரப்பை உண்டாக்கினார்கள். கார்செட்டை ஒழித்தவன் நானே என்று புவாரே பின்னாளில் உரிமை கொண்டாடினார். அது மிகையான கூற்று. நேரான அந்த உடைகளுக்குள் பெரும்பாலோர் அணிந்தது எஸ் வளைவுக் கார்செட்டைவிட நீளமான, தொடைவரை இறங்கிய இன்னொரு கார்செட். அதன் மேல்விளிம்பு மேலும் தாழ்ந்ததால் மார்புக்குத் தனித் தாங்கல் தேவைப்பட்டது. இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் இணைத்து அதைச் செய்த நியூயார்க் பெண் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப், 1914 நவம்பர் 3 அன்று பிராவுக்கான அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றார்.