கீற்றோன் உணவும் வலிப்புக் குழந்தையும்: அளவிடும் முறை வளர்ந்த வரலாறு

பட்டினி கிடந்தால் வலிப்பு தணிகிறது என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருந்தார்கள். 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரசல் வைல்டர் இதற்கு ஒரு வழி சொன்னார்: மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால், சாப்பிட்டுக்கொண்டே உடலைப் பட்டினி நிலையில் வைத்திருக்கலாம். அப்போது கொழுப்பு எரிந்து கீற்றோன் உண்டாகும். 1925இல் அங்கேயே பீற்றர்மன் கணக்கு வகுத்தார். கிலோ எடைக்கு 1 கிராம் புரதம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் மாச்சத்து, மிகுதியெல்லாம் கொழுப்பு. சிறுநீரில் கீற்றோன் தெரிந்தால் உணவு சரி. குழந்தை வளர்கிறதா என்ற கேள்வி அளவையின் மையத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

1938இல் பினைற்றோயின் வந்ததும் இந்த உணவு பின்னுக்குப் போனது. 1971இல் ஹுட்டன்லொக்கர் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பெண்ணெயால் அதைப் புதுப்பித்தார். அந்த எண்ணெய் தேங்காயெண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுவது. ஆனால் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் அதுவன்று. அதில் பாதியளவு லோறிக் அமிலம். விரைவாகக் கீற்றோனாக மாறும் கொழுப்புகள் சிறு பங்கே. தேங்காய் மலிந்த நம் கரையோரத்தில் இந்த மயக்கம் எளிதில் வரும். 2008இல் லண்டனில் 145 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், மூன்று மாதத்தில் உணவு எடுத்தவர்களில் 38 வீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மற்றவர்களில் 6 வீதத்தினருக்கே. உணவின் பயனுக்கு அது வலுவான சான்றாயிற்று.

சொறிக்கல்முனை போன்ற நெல்வயலூரில் இதன் பொருளென்ன என்பதை ஒரு கற்பனைக் குழந்தையைக் கொண்டு பார்ப்போம். வயது ஐந்து, எடை 16 கிலோ, உயரம் 106 செ.மீ. நாளுக்கு 1085 கலோரி. கொழுப்பு மூன்று பங்கு, புரதமும் மாச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு. கொழுப்பு 105 கிராம், புரதம் 18, மாச்சத்து 17. வேறெதிலும் மாச்சத்து இல்லையென்றாலும், நாள் முழுவதற்கும் வெந்த சோறு 60 கிராம்தான். மரக்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் சோற்றுக்கு இடமே இல்லை. தராசு இல்லாத சமையலறையில் இதைச் செய்ய முடியாது.

கீற்றோனை இரண்டு விதமாக அளக்கலாம். சிறுநீர்க் கீற்று ஊதாவாக மாறுவது மலிவான வழி. நாள்தோறும் வீட்டில் பார்க்கலாம். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்தால் நிறம் வெளிறும். டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் கீற்றே கெட்டுவிடும். விரல் நுனி இரத்தத்தில் பார்ப்பது நம்பகமானது. பெரும்பாலும் லீற்றருக்கு 2 முதல் 5 மில்லிமோல் வரை இலக்கு. நம் குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் வலிப்பு திரும்புகிறது. இரத்த அளவு 1.4. தாயின் குறிப்புக் கொப்பியில் விடை இருக்கிறது: காய்ச்சலுக்குக் கொடுத்த சீனிப்பாணி மருந்து அதே நாளில் தொடங்கியிருக்கிறது. பாணிக்குப் பதில் சீனியில்லாத மாத்திரை கொடுத்ததும் அளவு ஏறும். மறுபக்கமும் ஆபத்துண்டு: மூச்சு வேகமாகி, முகம் சிவந்து, வாந்தியெடுத்துச் சோர்ந்தால் கீற்றோன் மிகுந்திருக்கலாம். அப்போது இரத்தச் சீனியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழமும் பாலும் தானியமும் குறைவதால் உணவில் இல்லாதவற்றை மருந்தாகக் கொடுக்க வேண்டும்: பல்சத்து விற்றமின், கல்சியம், விற்றமின் டி. செலனியத்தின் கதை வேறு. 2003இல் பிலடெல்பியாவின் பேர்க்விஸ்ட் குழு, இந்த உணவில் இருந்த சில பிள்ளைகளுக்குச் செலனியம் குறைந்ததையும் ஒரு பிள்ளைக்கு இதயத்தசை நோய் வந்ததையும் பதிவுசெய்தது. வலிப்பு அடங்கிய பிள்ளையிடம் வெளியே எதுவும் தெரியாது. இரத்தச் சோதனைதான் காட்டும். சிறுநீரகக் கல்லைத் தடுக்கச் சிற்றேற்று மருந்தும் தண்ணீரும் உதவுகின்றன.

உயரக் குறைவு மெல்ல வருவதால் வீட்டார் கண்ணில் படாது. 2002இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனை 237 பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராய்ந்து வெளியிட்டது. சிறு பிள்ளைகளின் வளர்ச்சி அதிகம் தளர்ந்திருந்தது. நம் குழந்தைக்கு ஆறாம் மாதத்தில் வலிப்பு வெகுவாகக் குறைந்து, எடை 17 கிலோவாகிவிட்டது. உயரமோ 107 செ.மீ.; சுமார் 3 செ.மீ. வளர்ந்திருக்க வேண்டிய காலம். எடை ஏறியதால் கலோரி போதாமல் இல்லை. புரதக் குறைவோ இரத்த அமிலத்தன்மையோ காரணமாக இருக்கலாம். உயரத்தை மறுபடி அளந்து, இரத்தத்தில் பைகாபனேற்று பார்த்து, அமிலத்தன்மை இல்லையென்றால் புரதத்தை 24 கிராமாக உயர்த்தலாம். கலோரியையும் மாச்சத்தையும் மாற்றாமல் கொழுப்பைச் சுமார் 102 கிராமாக்கினால் விகிதம் 2.5க்கு 1 ஆகும். கீற்றோன் சற்றுக் குறையலாம். வலிப்பு கூடவில்லையென்றால் அந்த இறக்கத்தை ஏற்பதே சரி என்பது என் கருத்து. மூன்று மாதம் சரியாகப் பின்பற்றியும் வலிப்பில் மாற்றமில்லையெனில் உணவை நிறுத்துவது பற்றிப் பேசலாம். பலனிருந்தால் பெரும்பாலும் இரண்டாண்டு தொடர்வார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இந்த உணவு உயிராபத்து. மருத்துவர் சோதித்துச் சொல்லாமல் வீட்டில் தொடங்க வேண்டாம். தொடங்கிய பின் பிள்ளையின் பையில் ஒரு துண்டு எழுதி வையுங்கள்: "கீற்றோன் உணவில் உள்ள பிள்ளை. இரத்தச் சீனி குறைந்திருந்தாலன்றிக் குளுக்கோஸ் சேலைன் ஏற்ற வேண்டாம்."